ரிப்போர்ட் வருமுன் மருந்து கொடுத்துவிட்டால்: புரோட்டோகால் டீவியேஷன் நோட் எழுதும் முறை

பெங்களூரு மருத்துவமனைகளில் கிளினிக்கல் டிரையல் கோஆர்டினேட்டராகப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புரோட்டோகாலை, அதாவது டிரையலின் விதித் திட்டத்தை, மீறியதை விளக்கும் டீவியேஷன் நோட் என்றதும் பலர் பழைய நோட் ஒன்றைத் திறந்து, தேதியையும் பங்கேற்பாளர் எண்ணையும் மாற்றி, கடைசியில் ‘ஊழியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது’ என்று சேர்த்து முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதிய நோட்டை மானிட்டர் திருப்பி அனுப்புவார், எதிக்ஸ் கமிட்டி கேள்வி கேட்கும். அதைவிட மோசம், அதே பிழை அடுத்த மாதம் இன்னொருவருக்கு நடக்கும்.

ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போவோம். எண்களும் தேதிகளும் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. ஆனால் இந்த வகைப் பிழை டிரையல் நடக்கும் எந்த சைட்டிலும் நடக்கக்கூடியது.

சம்பவம்: பங்கேற்பாளர் எண் 07, ஓசூரிலிருந்து வரும் பெண். தினம் இரவு ஒரு மாத்திரை. எட்டாவது வார வருகை 57ஆம் நாள், மூன்று நாள் முன்பின் இருக்கலாம். ‘கல்லீரல் பரிசோதனை முடிவை ஆய்வாளர் பார்த்த பிறகே அடுத்த பாட்டில் மருந்து வழங்க வேண்டும்’ என்கிறது புரோட்டோகால். 2025 ஜூன் 10, சரியாக 57ஆம் நாள், ரத்தம் எடுத்தார்கள். மாதிரி மும்பையில் உள்ள சென்ட்ரல் லேபுக்குப் போனது. அன்றே 32 மாத்திரை கொண்ட பாட்டிலையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மாலை ‘மாதிரி ஹீமோலைஸ் ஆகியிருக்கிறது, பரிசோதிக்க முடியவில்லை’ என்று லேபிலிருந்து மெயில் வந்தது. ஹீமோலைஸ் என்றால் மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்துபோவது. அந்த மெயிலை 16ஆம் தேதி திங்கள் காலையில்தான் திறந்து பார்த்தார்கள். அதற்குள் ஆறு இரவுகள் மாத்திரை போட்டாயிற்று.

## 1. ஃபார்மைத் திறக்கும் முன் போனை எடுங்கள்

நோட் எழுதுவது மதியம் நடந்தால் போதும். காலை 10:15க்குத் தெரிந்தது என்றால் முதல் போன் முதன்மை ஆய்வாளருக்கு, அதாவது பிஐக்கு. மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்பது மருத்துவரின் முடிவு. கோஆர்டினேட்டர் தானாகப் பங்கேற்பாளரிடம் ‘இன்னைக்கு மாத்திரை போடாதீங்க’ என்று சொல்லக் கூடாது. இந்தச் சம்பவத்தில் பிஐ மூன்று விஷயம் சொன்னார்: இன்று இரவு மாத்திரை வேண்டாம், நாளைக் காலை மறு ரத்தம், இப்போதே போன் செய்து அறிகுறிகள் கேட்க வேண்டும். புரோட்டோகாலில் தற்காலிக மருந்து நிறுத்தம் பற்றிய பகுதி இருக்கும். பிஐ சொன்னது அந்தப் பகுதிக்குள் அடங்குகிறதா என்று உடனே பார்த்துவிடுங்கள். அடங்காவிட்டால் டிரையலை நடத்தும் நிறுவனமான ஸ்பான்சரின் மெடிக்கல் மானிட்டரிடம் பிஐ பேச வேண்டும். பங்கேற்பாளருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. முதலில் செய்துவிட்டுப் பிறகு தெரிவிக்க டிரையல்களுக்கான நன்னடைமுறை விதிகளான ஜிசிபி இடம் தருகிறது.

போனில் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?’ என்று கேட்டால் ‘இல்லப்பா’ என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

‘அம்மா, பத்தாம் தேதி மாத்திரை வாங்கிட்டுப் போனதுக்கு அப்புறம் உடம்பு எப்படி இருக்கு? சாப்பாடு, தூக்கம் எல்லாம் எப்படி?’

இதற்கு அவர் சொன்ன பதில்: ‘ரெண்டு நாளா பசி கொஞ்சம் கம்மி. வேற ஒண்ணும் இல்ல.’ அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: ஓங்கரிப்பு, வாந்தி, அரிப்பு, கண்ணில் மஞ்சள், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி. வேறு மாத்திரை, நாட்டு மருந்து, வலி மாத்திரை எதுவும் எடுத்தாரா என்பதையும் கேட்க வேண்டும். கல்லீரல் விஷயத்தில் பாராசிட்டமாலும் கணக்கில் வரும்.

அந்த ‘பசி கொஞ்சம் கம்மி’ சாதாரணப் பேச்சு போலத் தோன்றும். ஆனால் கல்லீரலைக் கண்காணிக்கும் டிரையலில் அது அறிகுறி. அவர் சொன்ன சொற்களைச் சொன்னபடியே, தமிழிலேயே, சோர்ஸ் குறிப்பில், அதாவது சைட்டின் மூலப் பதிவில், எழுதுங்கள். பக்கத்தில் ஆங்கில விளக்கம் தரலாம். பிஐ அதைப் பார்த்து அட்வர்ஸ் ஈவென்டாகப் பதிவு செய்து, தீவிரத்தையும் மருந்தோடு தொடர்பையும் மதிப்பிட வேண்டும். இதை விட்டுவிட்டு நோட்டில் ‘பங்கேற்பாளருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை’ என்று எழுதினால் சோர்ஸும் நோட்டும் ஒன்றோடொன்று முரண்படும். ஆடிட்டரின் கண் முதலில் போவது அங்கேதான்.

போன் செய்த நேரம், பேசியவர் பெயர், யார் எடுத்தார், பிஐயின் உத்தரவு, எல்லாம் அன்றைய தேதியில் சோர்ஸில் இருக்க வேண்டும். மறந்துபோய் மறுநாள் எழுதினால் மறுநாள் தேதியைப் போட்டு, தாமதப் பதிவு என்று குறிப்பிடுங்கள். பின்தேதி மட்டும் போடவே கூடாது. டீவியேஷனுக்கு விளக்கம் உண்டு, பின்தேதிக்குக் கிடையாது.

## 2. டீவியேஷன் எது என்று முதலில் பிரித்தெடுங்கள்

மிக அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். சம்பவத்தை ஒருமுறை படித்தவர்கள் ‘மாதிரி ஹீமோலைஸ் ஆனது’ என்று தலைப்பு வைப்பார்கள். அது டீவியேஷன் அல்ல. ரத்த மாதிரி கெடுவது எந்த லேபிலும் நடக்கும். புரோட்டோகாலை மீறியது, முடிவைப் பார்க்காமல் மருந்து வழங்கிய செயல். அது 10ஆம் தேதியே, பாட்டில் கை மாறிய நிமிடத்திலேயே நடந்துவிட்டது. மாதிரி நன்றாக இருந்து, மறுநாள் இயல்பான முடிவு வந்திருந்தாலும் அது டீவியேஷன்தான். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைச் சரியாகப் பிரித்தால் அடுத்த கேள்வி தானாக எழும்: மற்றவர்களுக்கும் இப்படித்தான் கொடுத்தோமா? சைட்டின் எல்லாப் பங்கேற்பாளர்களுக்கும் ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள். ரத்தம் எடுத்த தேதி, ரிப்போர்ட்டில் பிஐ கையெழுத்திட்ட தேதி, மருந்து வழங்கிய தேதி. மூன்றாவது தேதி இரண்டாவதுக்கு முன்னால் இருந்தால் அந்த வருகையும் டீவியேஷன். நம் எடுத்துக்காட்டில் 9 பேர், மருந்து வழங்கிய 24 வருகைகள், அவற்றில் 7ல் ரிப்போர்ட்டுக்கு முன்பே மருந்து போயிருக்கிறது. எண் 07இன் வருகை அந்த ஏழில் ஒன்று. மற்ற ஆறிலும் முடிவுகள் பிறகு இயல்பாக வந்தன. ஆனாலும் ஆறும் தனித்தனி வரியாக டீவியேஷன் லாகில் ஏற வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 57ஆம் நாளுக்கு மூன்று நாள் முன்பின் என்றால் கடைசி நாள் ஜூன் 13. மறு ரத்தம் 17ஆம் தேதிதான் எடுக்கப்போகிறோம், அது 64ஆம் நாள். எட்டாவது வாரப் பரிசோதனை உரிய காலத்துக்குள் நடக்கவில்லை என்பது வேறொரு டீவியேஷன். ஒரே நோட்டில் இரண்டையும் விளக்கலாம், லாகில் மட்டும் இரண்டு வரி வேண்டும்.

அடுத்து, இது முக்கியமானதா சிறியதா என்ற கேள்வி வரும். பங்கேற்பாளரின் உரிமையையோ பாதுகாப்பையோ, டிரையல் தரவின் நம்பகத்தையோ கணிசமாகப் பாதிக்கக்கூடியது முக்கிய டீவியேஷன். இங்கே பாதுகாப்புப் பரிசோதனை இல்லாமல் மருந்து போயிருக்கிறது. முடிவு நல்லதாக வந்துவிட்டது என்பதற்காக இதைச் சிறியது என்று குறிக்காதீர்கள். வகைப்படுத்துவது என்ன நடந்தது என்பதை வைத்து, அதிர்ஷ்டத்தை வைத்து அல்ல. ஸ்பான்சரின் டீவியேஷன் திட்ட ஆவணத்தில் இந்த வகைக்கு என்ன பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள்.

## 3. எழுத உட்காரும் முன் மேசைமேல் இருக்க வேண்டியவை

புரோட்டோகாலின் அந்தப் பக்கம், பதிப்பு எண்ணோடு. அமென்ட்மென்ட் வந்திருந்தால் சம்பவம் நடந்த அன்று உங்கள் எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் பெற்றிருந்த பதிப்பு எது என்று உறுதி செய்யுங்கள். லேப் மெயிலின் பிரின்ட், தேதியும் நேரமும் தெரியும்படி. மருந்துக் கணக்கு லாக். போன் சோர்ஸ் குறிப்பு. மறு பரிசோதனை ரிப்போர்ட், பிஐ கையெழுத்தோடு.

மறு பரிசோதனையை உள்ளூர் லேபில் செய்தால் அந்த லேபின் இயல்பு வரம்புப் பட்டியலும் தகுதிச் சான்றிதழும் சைட் ஃபைலில் இருக்க வேண்டும். சென்ட்ரல் லேபுக்கும் ஒரு மாதிரி கட்டாயம் அனுப்புங்கள். உள்ளூர் முடிவு அன்றைக்கு மருத்துவ முடிவெடுக்க. டிரையல் தரவுக்குச் சென்ட்ரல் லேப் முடிவு வேண்டும்.

17ஆம் தேதி வரும்போது பாட்டிலையும் கொண்டுவரச் சொல்லுங்கள். 32 கொடுத்தோம், 10 முதல் 15 வரை ஆறு இரவு, 16 இரவு நிறுத்தம். மீதி 26 இருக்க வேண்டும். 25 இருந்தால் 16ஆம் தேதி இரவும் பழக்கத்தில் போட்டிருக்கலாம். அவரிடம் கேட்டு எழுதுங்கள், திட்டாதீர்கள்.

## 4. நோட்டின் உடல்

கோப்பில் இது ஆங்கிலத்தில்தான் போகும். எழுதும் முறை விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன். பெயர், போன் எண், மருத்துவமனைப் பதிவு எண் எதுவும் வரக் கூடாது. பங்கேற்பாளர் எண் மட்டும் போதும். எதிக்ஸ் கமிட்டியில் சட்டம் தெரிந்தவரும், மருத்துவத் துறை சாராத பொதுமக்களில் ஒருவரும் இருப்பார்கள். அவர்கள் படித்தாலும் புரிய வேண்டும்.

> என்ன நடந்தது: புரோட்டோகாலின்படி எட்டாவது வார வருகையில் கல்லீரல் பரிசோதனை முடிவை ஆய்வாளர் பார்த்த பிறகே மருந்து வழங்க வேண்டும். 10 ஜூன் 2025 அன்று பங்கேற்பாளர் 07க்கு முடிவு வருமுன் 32 மாத்திரைகள் வழங்கப்பட்டன. 11 ஜூன் அன்று, மாதிரி ஹீமோலைஸ் ஆனதால் பரிசோதிக்க இயலவில்லை என்று சென்ட்ரல் லேப் தெரிவித்தது. சைட் இதை 16 ஜூன் காலை 10:15க்கு அறிந்தது. இடையில் பங்கேற்பாளர் ஆறு மாத்திரை எடுத்துக்கொண்டார். எட்டாவது வாரப் பரிசோதனை உரிய காலத்துக்குள் (13 ஜூன் வரை) கிடைக்கவில்லை.
>
> பங்கேற்பாளர் பாதுகாப்பு: 16 ஜூன் 11:20க்குத் தொலைபேசியில் பேசப்பட்டது. இரண்டு நாளாகப் பசி குறைந்திருப்பதாகச் சொன்னார். மஞ்சள் காமாலை, வாந்தி, வயிற்று வலி இல்லை. பசிக்குறைவு லேசான அட்வர்ஸ் ஈவென்டாகப் பதிவு செய்யப்பட்டது. ஆய்வாளரின் உத்தரவுப்படி 16 ஜூன் இரவு மருந்து நிறுத்தப்பட்டது. 17 ஜூன் உள்ளூர் லேப் முடிவு: கல்லீரல் என்சைம்களான ஏஎல்டி 31, ஏஎஸ்டி 27 (இரண்டுக்கும் இயல்பு உச்சவரம்பு 40), பிலிருபின் 0.7. தொடக்க ஏஎல்டி 28. புரோட்டோகாலில் மருந்தை நிறுத்த வேண்டிய அளவு உச்சவரம்பின் மூன்று மடங்கு, அதாவது 120. ஆய்வாளர் நேரில் பரிசோதித்து, 17 ஜூன் இரவு முதல் மருந்தைத் தொடர அனுமதித்தார். பங்கேற்பாளருக்கு நடந்ததை விளக்கியாயிற்று.

இரண்டாவது பத்தியில் தொடக்க அளவும் நிறுத்த வேண்டிய அளவும் சேர்ந்து வந்திருப்பதைக் கவனியுங்கள். வெறும் ‘31, இயல்பு’ என்றால் படிப்பவருக்கு ஒப்பிட எதுவும் இல்லை. ‘பாதுகாப்பில் பாதிப்பில்லை’ என்ற தீர்ப்பை நீங்கள் எழுதுவதைவிட, படிப்பவரே அந்த முடிவுக்கு வரும்படி எண்களை வையுங்கள்.

கடைசி வாக்கியத்தையும் விட்டுவிடாதீர்கள். ரிப்போர்ட் பார்க்காமல் மருந்து கொடுத்துவிட்டோம் என்பதை அவரிடம் சொல்ல வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில். கன்னடமும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்த ஊழியர் விளக்கியிருந்தால் தமிழில் மறுபடி ஒருமுறை சொல்லுங்கள்.

## 5. காரணம்: ‘கவனக்குறைவு’ என்று எழுதி நிறுத்தாதீர்கள்

கவனக்குறைவு என்பது காரணம் அல்ல, பழி. ஏழு வருகைகளில் ஒரே பிழை என்றால் ஒரு ஆளின் மறதியாக இருக்க முடியாது.

ஏன் முன்பே கொடுத்தார்கள்? ஓசூரிலிருந்து வருபவரை இரண்டு முறை அலைய வைக்க வேண்டாம் என்று. ஏன் இரண்டு முறை? சென்ட்ரல் லேப் முடிவு மறுநாள் மாலைதான் வரும். அதைத் தொடங்கும்போதே யாரும் கவனிக்கவில்லையா? சைட் தானே தயாரித்த வருகைப் படிவத்தில் ‘ரத்தம் எடுத்தாயிற்று’ என்ற கட்டத்துக்கு அடுத்து ‘மருந்து வழங்கியாயிற்று’ என்ற கட்டம்தான் இருக்கிறது. ‘ரிப்போர்ட் பார்க்கப்பட்டது’ என்ற கட்டமே இல்லை. ஃபார்மசியும் ரிப்போர்ட் கேட்காமல் கோஆர்டினேட்டரின் சீட்டை வைத்தே மருந்து தருகிறது. ஐந்து நாள் மெயில் பார்க்காமல் இருந்தது ஏன்? லேப் மெயில் ஒரே ஒருவருக்குத்தான் போகிறது, அவர் விடுப்பில் இருந்தார்.

படிவத்தில் இல்லாத கட்டம், ஃபார்மசியில் இல்லாத தடுப்பு, ஒற்றை மெயில் முகவரி. மூன்றும் திருத்தக்கூடியவை. நோட்டில் இதை எழுதுங்கள்.

## 6. திருத்தம்

நடந்ததைச் சரிசெய்தது வேறு, இனி நடக்காமல் தடுப்பது வேறு. முதலாவது முடிந்துவிட்டது: மருந்து நிறுத்தம், மறு பரிசோதனை, அட்வர்ஸ் ஈவென்ட் பதிவு, ஆறு பழைய வருகைகளை லாகில் ஏற்றியது. தடுப்புக்கு மேலே சொன்ன மூன்று காரணங்களுக்கும் ஒவ்வொரு பதில் இருக்க வேண்டும்.

வருகைப் படிவத்தில் ‘ரிப்போர்ட்டை ஆய்வாளர் பார்த்த தேதி, கையெழுத்து’ என்ற கட்டம் சேர்ப்பது. பிஐ கையெழுத்திட்ட ரிப்போர்ட் நகல் இல்லாமல் ஃபார்மசி பாட்டில் தரக் கூடாது என்ற விதி. லேப் மெயில் பிஐ, கோஆர்டினேட்டர், மாற்றுக் கோஆர்டினேட்டர் மூவருக்கும் போகும்படி லேபுக்குக் கடிதம். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரும் முடிக்கும் தேதியும் வேண்டும். மறுபயிற்சி இவற்றோடு சேரலாம், தனியாக அது ஒன்றையும் தடுக்காது.

வருகையையும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்னது எதுவும் நிற்காது. 54 அல்லது 55ஆம் நாள் ரத்தம், ரிப்போர்ட் பார்த்த பிறகு 57 முதல் 60க்குள் மருந்து. பங்கேற்பாளருக்கு ஒரு பயணம் கூடுகிறது. அந்தச் செலவு யாருடையது என்பதை அடுத்த தலைப்பில் பார்ப்போம். புரோட்டோகால் ஒரே நாள் வருகைதான் என்று கண்டிப்பாகச் சொன்னால் ஸ்பான்சரிடம் எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ‘இந்த ஒருத்தருக்கு மட்டும் முன்கூட்டியே விலக்கு கொடுங்கள்’ என்று கேட்பது வழி அல்ல. தெரிந்தே திட்டமிட்டு மீறுவதற்கு ஸ்பான்சராலும் அனுமதி தர முடியாது.

மாதிரி கெட்டதற்கும் ஒரு வரி. சிரிஞ்சில் எடுத்து ஊசி வழியாகவே டியூபுக்குள் அழுத்தித் தள்ளுவது, டியூபைக் குலுக்குவது இரண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். ஜெல் டியூபை மெதுவாக ஐந்து முறை தலைகீழாகத் திருப்பி, அரை மணி நேரம் உறைய விட்ட பிறகே சென்ட்ரிஃப்யூஜில் போட வேண்டும். சென்ட்ரிஃப்யூஜிலிருந்து எடுத்ததும் டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே நிற்கும் சீரம் வைக்கோல் நிறமாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் பங்கேற்பாளர் இன்னும் மருத்துவமனையிலேயே இருப்பார், அப்போதே இன்னொரு டியூப் எடுத்துவிடலாம்.

## 7. யாருக்கு, எத்தனை நாளில், யார் செலவில்

ஸ்பான்சருக்கு எத்தனை நாளில் என்பது புரோட்டோகாலிலோ மானிட்டரிங் திட்டத்திலோ இருக்கும். எதிக்ஸ் கமிட்டிக்கு எத்தனை நாளில் என்பது அந்தக் கமிட்டியின் எழுதப்பட்ட நடைமுறையான எஸ்ஓபியில் இருக்கும். கமிட்டிக்குக் கமிட்டி இது மாறும். பக்கத்து மருத்துவமனைத் தோழி சொன்ன கணக்கை நம்பாமல் உங்கள் கமிட்டியின் எஸ்ஓபியின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து சைட் ஃபைலின் உள்ளட்டையில் ஒட்டிவையுங்கள். நாள் கணக்கு நடந்த தேதியிலிருந்தா, தெரிந்த தேதியிலிருந்தா, வேலை நாளா காலண்டர் நாளா என்றும் பாருங்கள். நோட்டில் இரண்டு தேதிகளையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான். கமிட்டிக்குச் சொந்தப் படிவம் இருந்தால் அதில்தான் எழுத வேண்டும், நோட் இணைப்பாகப் போகும்.

எஸ்ஏஇ, அதாவது தீவிர அட்வர்ஸ் ஈவென்ட், என்பது வேறு கடிகாரம். ரிப்போர்ட் பார்க்காத இந்த ஆறு நாளில் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தால், 2019ஆம் ஆண்டு புதிய மருந்துகள், கிளினிக்கல் டிரையல் விதிகளின்படி அது நடந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓவுக்கும் ஸ்பான்சருக்கும் எதிக்ஸ் கமிட்டிக்கும் தெரிவித்தாக வேண்டும். ஆய்ந்த விரிவான அறிக்கைக்கு 14 நாள். டீவியேஷன் நோட் தயாராகட்டும் என்று அதைத் தாமதிக்காதீர்கள்.

செலவு: மறு பரிசோதனைக் கட்டணமும் ஓசூரிலிருந்து வந்துபோன செலவும் பங்கேற்பாளர் தலையில் விழக் கூடாது. டிரையல் ஒப்பந்தத்தின் பட்ஜெட்டில் திட்டமிடாத வருகைக்கு ஒரு வரி இருக்கும். 17ஆம் தேதி வருகையை அதில் காட்டுங்கள். பில்லிங் கவுன்டருக்கு முன்பே சொல்லாவிட்டால் அவரிடமே பணம் கேட்டுவிடுவார்கள். பில்லை டிரையல் கணக்கில் போடும்படி காலையிலேயே சீட்டு அனுப்புங்கள். இனி எல்லோருக்கும் கூடப்போகும் பயணத்துக்குப் பட்ஜெட் திருத்தம் வேண்டும். பங்கேற்பாளருக்குத் தரும் தொகை மாறினால் எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதலும் வேண்டும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் நோட் அனுப்பும் அன்றே தொடங்கிவிடுங்கள்.

நோட்டில் எழுதியவர் கையெழுத்தும் பிஐ கையெழுத்தும் அவரவர் கையால், கையெழுத்திட்ட அன்றைய தேதியோடு. பிஐ ஊரில் இல்லையென்றால் டெலிகேஷன் லாகில் அந்தப் பொறுப்பு தரப்பட்டுள்ள இணை ஆய்வாளர் மருத்துவ முடிவை எடுக்கலாம். பிஐ திரும்பி வந்ததும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

## 8. அனுப்பிய பிறகு

கமிட்டியின் பெறுகைச் சீட்டு வரும்வரை அனுப்பியதாகக் கணக்கில்லை. சீட்டு, கமிட்டி கேட்கும் கேள்விகள், உங்கள் பதில், எல்லாம் நோட்டின் பின்னாலேயே ஒரே இடத்தில் இருக்கட்டும். லாகில் உள்ள தேதி, ஆன்லைன் தரவுப் படிவத்தில் உள்ள தேதி, நோட்டில் உள்ள தேதி மூன்றையும் ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் சரிபாருங்கள். 10ஐ 11 என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தால் அடுத்த மானிட்டரிங் வருகையில் கேள்வியாக வரும்.

பிறகு, மூன்று மாதம் கழித்து அந்த மூன்று நெடுவரிசைத் தாளை மறுபடி எடுங்கள். ரத்தம் எடுத்த தேதி, கையெழுத்துத் தேதி, மருந்து வழங்கிய தேதி. புதிய முறை தொடங்கிய பின் வந்த எல்லா வருகைகளையும் நிரப்புங்கள். ஒன்றில்கூட மருந்து முந்தவில்லை என்றால் அந்தத் தாளில் பிஐ கையெழுத்து வாங்கி, லாகில் உள்ள வரியை மூடலாம். ஒன்றே ஒன்று முந்தியிருந்தாலும் ஃபார்மசியில் போய்க் கேளுங்கள், ரிப்போர்ட் நகல் இல்லாமல் அந்தப் பாட்டில் எப்படி வெளியே வந்தது என்று.